லோடு வரும் நாள் தெரியாத கடைக்கு எவ்வளவு கையிருப்பு?

மளிகைக் கடை ஒன்றில் சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட் நாளுக்குச் சராசரியாக 20 விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் கொடுத்ததிலிருந்து லோடு இறங்க, கடைசி எட்டு முறை ஆன நாட்கள்: 4, 5, 4, 9, 5, 6, 4, 11. சராசரி 6 நாள். அப்படியானால் 120 பாக்கெட் மிச்சமிருக்கும்போது அடுத்த ஆர்டர் போட்டால் போதுமா?

போதாது. எட்டில் இரண்டு முறை, லோடு வருவதற்கு முன்பே அலமாரி காலியாகியிருக்கும். அந்த இடைவெளியை அடைப்பதற்காக வைப்பதுதான் பாதுகாப்புக் கையிருப்பு.

பல கடைக்காரர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். அதிகபட்ச விற்பனையை அதிகபட்ச நாளால் பெருக்கி, சராசரித் தேவையைக் கழிப்பது. ஒரு நாளின் உச்ச விற்பனை 30 என்றால், 330-இல் 120 போக 210 பாக்கெட் கூடுதலாக வேண்டும் என்று வரும். மிக அதிக விற்பனையும் மிக நீண்ட தாமதமும் தினம் தவறாமல் சேர்ந்தே நடக்கும் என்று எண்ணுகிற கணக்கு இது. தேவையில்லாமல் பணம் முடங்கும்.

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைத் திட்ட விலக்கம் சொல்லும். எக்செலில் STDEV.S போட்டால் கிடைத்துவிடும். இங்கே நாட்களுக்கு அது 2.62. தினசரி விற்பனைக்கு 5 என்று கொள்வோம். நூறு ஆர்டரில் 95 முறை தட்டுப்பாடு வரக்கூடாது என்றால் 1.65-ஆல் பெருக்க வேண்டும்:

```
=1.65*SQRT(6*5^2 + 20^2*2.62^2)
```

விடை 89. ஆக, 120-உடன் 89 சேர்த்து, 209 பாக்கெட் இருக்கும்போதே ஆர்டர் போக வேண்டும். ஏற்கெனவே ஆர்டர் செய்து வழியில் இருக்கும் சரக்கையும் அந்த 209-இல் சேர்த்தே எண்ண வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தேவைக்கு இரண்டு ஆர்டர் போய்விடும்.

அந்த 89-இல் பெரும்பங்கு விற்பனையின் ஏற்ற இறக்கத்தால் வந்ததல்ல. லோடு எப்போதும் சரியாக 6 நாளில் வந்தால் 20 பாக்கெட்டே போதும். இன்னும் வியப்பு, எப்போதும் 8 நாள் எடுக்கும் மெதுவான டீலரிடம் வாங்கினால்கூட 23 பாக்கெட்தான் கூடுதலாக வேண்டும். ஆர்டரைத்தான் சற்று முன்னதாக, 183 பாக்கெட் இருக்கும்போது, கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்தச் சூத்திரத்துக்கு எல்லையும் உண்டு. நாட்கள் சராசரிக்கு இருபுறமும் ஒரே மாதிரி சிதறும் என்று அது கருதுகிறது. நடைமுறையில் லோடு இரண்டு நாள் முந்தி வரும், ஐந்து நாள் பிந்தி வரும். மேலே உள்ள 11 நாள் தாமதம் திரும்பவும் நேர்ந்தால் 220 பாக்கெட் தேவைப்படும், 209 போதாது. தவறாமல் இருந்தே ஆக வேண்டிய பொருளுக்கு, பதிவில் உள்ள மிக நீண்ட தாமதத்தையும் சராசரி விற்பனையால் பெருக்கிப் பார்த்து, இரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது.

சரக்கே இல்லாத நாட்களின் பூஜ்ய விற்பனையைச் சராசரியில் சேர்க்காதீர்கள். ஆர்டர் கொடுத்த தேதியையும் லோடு இறங்கிய தேதியையும் பில்லின் மேலேயே குறித்து வையுங்கள்.