மேட்டில் திணறும் கார்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சமவெளியில் யாதொரு குறையும் காட்டாமல் ஓடிவந்த பெட்ரோல் கார் ஒன்று, அடிவாரத்தைக் கடந்து சில வளைவுகள் ஏறியதுமே, ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் பிக்கப் இல்லாமல் தயங்குவதும், தயங்கிய மறுகணம் குலுங்கிப் பாய்வதும், அந்தச் சமயத்தில் டாஷ்போர்டில் ‘செக் இஞ்சின்’ என்னும் மஞ்சள் விளக்கு எரிவதும், மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ப் மோட்டார் நெடுநேரம் சுழன்ற பின்னரே இஞ்சின் உயிர் பெறுவதும் ஒன்றுகூடி நேருமாயின், இஞ்சினுக்குப் போதிய பெட்ரோல் வந்து சேரவில்லை என்று முதலில் சந்தேகிப்பதே நியாயம். ஆயினும் இத்தகைய கார்களில் முதன்முதலாக மாற்றப்படுவது பம்பும் அல்ல, பில்டரும் அல்ல. பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சாரே. உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதற்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்தபின், மீண்டும் அதே விளக்கு எரியக் கண்டு மனம் நோகும் கார் உரிமையாளர்கள் பலர். அந்த வீண் செலவைத் தவிர்க்க வேண்டுமானால், அந்த விளக்கு எதை அறிந்து எரிகிறது, எதை அறியாமல் எரிகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

பின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்ரோல் டேங்கினுள், பெட்ரோலிலேயே மூழ்கியபடி, ஒரு சிறு மின்சாரப் பம்பு இருக்கிறது. அதன் வாயில் வலைபோன்ற ஒரு வடிகட்டி. அதைத் தாண்டி நுண்ணிய தூசியைத் தடுக்கும் பில்டர். அதற்கும் அப்பால், அழுத்தத்தை ஒரே நிலையில் நிறுத்தி, மிகுதியான பெட்ரோலை மீண்டும் டேங்குக்குள்ளேயே விட்டுவிடும் ரெகுலேட்டர். அங்கிருந்து குழாய் வழியாக இஞ்சினுக்கு வரும் பெட்ரோல், சாதாரணமாக 3 முதல் 4 பார் வரையிலான அழுத்தத்தில் இன்ஜெக்டர்களின் வாசலில் காத்து நிற்கிறது. இஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர், ஒவ்வொரு இன்ஜெக்டரையும் சில மில்லி விநாடிகள் திறந்து மூடுகிறது. இங்கே கவனிக்கத்தக்க விஷயம் என்னவெனில், கம்ப்யூட்டர் நிர்ணயிப்பது திறந்திருக்கும் நேரத்தை மட்டுமே; பாயும் பெட்ரோலின் அளவை அது நேராக அளப்பதில்லை. டீசல் கார்களிலும், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீச்சும் கார்களிலும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உண்டு. அங்கே அழுத்தம் குறைந்தால் P0087 என்னும் குறியீடு தோன்றிக் குறையின் இருப்பிடத்தை ஏறத்தாழச் சுட்டிவிடும். ஆனால் நம் சாலைகளில் ஓடும் சாதாரணப் பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் அந்தச் சென்சார் கிடையாது. அழுத்தம் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேலேயே கம்ப்யூட்டர் தன் கணக்கைப் போடுகிறது.

இன்ஜெக்டரின் வழியே பாயும் பெட்ரோல், அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும், குறையும். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2 பார்தான் இருக்கிறதென்றால், பெட்ரோல் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுவதில்லை. சுமார் 18 சதவீதம் மட்டுமே குறைகிறது. அந்தக் குறையை ஈடு செய்யக் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைச் சுமார் 22 சதவீதம் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அவ்வாறே திறந்தும் வைக்கிறது! புகைபோக்கியிலுள்ள ஆக்சிஜன் சென்சார், எரியாமல் மிஞ்சிய பிராணவாயு அதிகமாக இருக்கிறது என்று அறிவித்தவுடன், கம்ப்யூட்டர் பெட்ரோலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகிறது. இந்தத் திருத்தத்தின் நீண்ட காலக் கணக்கே ஸ்கேனரில் LTFT என்ற பெயரில் சதவீதமாகத் தெரிவது. பல கார்களில் திருத்தம் ஏறத்தாழ 25 சதவீதத்தை எட்டும்வரை கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேல், தொடர்ந்து இரண்டு பிரயாணங்களில் அதே நிலை காணப்பட்டால், P0171 என்ற குறியீட்டைப் பதித்து விளக்கை ஏற்றுகிறது. காற்றின் விகிதத்துக்குப் பெட்ரோல் போதவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறியீட்டுக்கு அர்த்தம் கிடையாது. பம்பையோ, பில்டரையோ, சென்சாரையோ அது குற்றம் சாட்டுவதில்லை.

இனி, மேட்டில் மட்டும் ஏன் திணற வேண்டும் என்ற கேள்வி. நின்றபடி ஐடிலிங்கில் ஓடும் சிறிய கார் இஞ்சின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான பெட்ரோலையே உட்கொள்கிறது. அதே இஞ்சின், நான்கு பேரைச் சுமந்துகொண்டு இரண்டாம் கியரில் முழு மூச்சாக ஏறும்போது மணிக்குச் சுமார் 15 லிட்டர் வீதம் கேட்கிறது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் பாதி அடைத்திருக்கும் வீட்டில், ஒரு குழாயைத் திறந்தால் நீர் நன்றாகவே வருவதும், சமையலறையிலும் குளியலறையிலும் ஒரே சமயத்தில் திறந்தால் இரண்டிலும் நூலாக இழைவதும் நாம் அறிந்ததே. பில்டர் அடைபட்ட காரின் கதையும் அதுதான்: பம்பு அனுப்பும் பெட்ரோல் இஞ்சினின் தேவையைவிட மிகுதியாக இருக்கும்வரை ரெகுலேட்டர் அழுத்தத்தைச் சரியாகவே நிறுத்தி வைக்கும், தேவை அதை மிஞ்சிய கணத்தில் அழுத்தம் சரிந்துவிடும். மலையின் உயரம் இதற்குக் காரணம் என்று சிலர் கருதுவதுண்டு. அது பொருந்தாது; மேலே போகப்போகக் காற்று மெலிவதால் இஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோலும் குறையவே செய்கிறது. சரிவும் சுமையுமே இங்கே பரீட்சை வைக்கின்றன.

ஆகவே ஒர்க்ஷாப்பில் நின்ற நிலையில் பிரஷர் கேஜை மாட்டி, “3 பார் காட்டுகிறது, பம்பு நன்றாக இருக்கிறது” என்று தீர்ப்புச் சொல்வது போதாத பரிசோதனை. அதற்கு முன்பாகவே, செலவில்லாமல், ஸ்கேனரில் ஒரு சாட்சியம் கிடைக்கிறது. திருத்தத்தின் சதவீதத்தை ஐடிலிங்கில் ஒருமுறையும், மேட்டில் ஏறும்போது ஒருமுறையும் பார்க்க வேண்டும். காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டியபின் எங்கேனும் ஓட்டை வழியாகக் காற்று புகுந்தால், ஐடிலிங்கில் திருத்தம் மிகுதியாகவும் சுமையேறும்போது குறைவாகவும் இருக்கும். பெட்ரோல் வரத்துக் குறைந்தாலோ இதற்கு நேர் எதிர். ஐடிலிங்கில் சாதாரணம், சுமையில் உச்சம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய காரில் நிரப்பினால், எத்தனாலிலேயே பிராணவாயு அடங்கியிருப்பதன் நிமித்தம் எல்லா நிலைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சில சதவீதம் திருத்தம் கூடும். அதைப் பம்பின் தலையில் போடலாகாது. காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்தாலும் சுமையில் திருத்தம் ஏறக்கூடும் என்பதால், இந்தச் சாட்சியத்தோடு நின்றுவிடாமல் கேஜைக் கொண்டு உறுதி செய்துகொள்வது அவசியம்.

எனக்குத் தெரிந்த ஒரு காரில் இது படிப்படியாக நடந்தது. 1.2 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், P0171, ஐடிலிங்கில் திருத்தம் 4 சதவீதம், ஏற்றத்தில் 24. ஆக்சிஜன் சென்சார் அதற்குமுன் ஓர் இடத்தில் மாற்றப்பட்டுப் பயனில்லாமற் போயிருந்தது. பிறகு அதைப் பரிசோதித்த ஒரு வயோதிக மெக்கானிக், பம்பின் பியூஸை எடுத்துவிட்டு இஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் குழாயின் அழுத்தத்தைத் தணித்தபின், குழாயின் நடுவே ஒரு டீ இணைப்பை வைத்துக் கேஜைப் பொருத்தி, அதன் நீண்ட ஹோஸை இஞ்சின் சூடு படாதவாறு வெளியே கொணர்ந்து முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டினார். “நின்னுக்கிட்டுப் பார்த்தா எல்லா பம்பும் நல்ல பம்புதான் சார், மேட்ல ஏத்துங்க” என்றார். ஐடிலிங்கில் 3 பாரில் அசையாமல் நின்ற முள், ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தியபோது மெல்ல இறங்கி 1.9-இல் வந்து நின்றது. பம்பின் கனெக்டரில் அவர் மின்னழுத்தத்தையும் அளந்தார். பேட்டரியில் உள்ளதற்கும் அங்கே உள்ளதற்கும் அரை வோல்ட்டுக்கும் குறைவான வித்தியாசமே இருந்தபடியால் ஒயரிங்கின் மீதும் ரிலேயின் மீதும் குற்றமில்லை என்று முடிவாயிற்று. இந்தச் சோதனையை அலட்சியம் செய்துவிட்டு, கறுத்துப்போன ஒரு கனெக்டருக்காகப் புதிய பம்பு வாங்குவோரும் உண்டு. பின் இருக்கையைத் தூக்கிப் பம்பை வெளியே எடுத்தபோது, அடி வடிகட்டியின் வெண்மை முழுவதும் பழுப்பு நிறச் சேற்றுப்படலத்தால் மறைந்திருந்தது. டேங்கைக் கழுவி, வடிகட்டியையும் பில்டரையும் மாற்றியதும் ஏற்றத்தில் முள் 3-ஐ விட்டு இறங்கவில்லை.

ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகும் சிரமம் தீரவில்லை. அதன் இருப்பிடம் வேறு. பம்பிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வாயிலில் ஒரு சிறு ஒருவழி வால்வு உண்டு. இஞ்சினை அணைத்த பிறகும் குழாயில் பெட்ரோலை அழுத்தத்தோடு பிடித்து வைப்பது அதன் வேலை. அது கசிந்தால் இரவோடிரவாகக் குழாயிலுள்ள பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிவிடும். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் பம்பு சுமார் இரண்டு விநாடி ஓடி நிற்கும். நல்ல பம்புக்கு அந்த அவகாசம் போதும், தளர்ந்த பம்புக்கு வெற்றுக்குழாயை நிரப்ப அது போதாது. இதைக் கண்டுபிடிக்க எவரும் செய்யத்தக்க எளிய உபாயம் ஒன்று உண்டு. ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்து சில விநாடி பொறுத்து அணைத்து, மீண்டும் அவ்வாறே இரண்டு மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் செய்தால் கார் உடனே கிளம்புகிறதா என்று பார்ப்பதே அது. கிளம்பினால் அழுத்தம் இரவில் வடிந்துவிடுகிறது என்று பொருள். அப்படிக் கிளம்பும்போது கரும்புகையும் பெட்ரோல் நெடியும் சேர்ந்து வந்தால், வடிந்தது டேங்குக்கு அல்ல, கசியும் இன்ஜெக்டர் வழியாக இஞ்சினுக்குள் என்று சந்தேகிக்க வேண்டும். மேற்சொன்ன காரில் புகையுமில்லை, நெடியுமில்லை. வால்வு பம்போடு இணைந்த உறுப்பாகையால் பம்பையே மாற்ற நேர்ந்தது. அதன்பின் காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆயிற்று.

பம்பின் ஆயுளைக் குறைக்கும் பழக்கம் ஒன்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பம்பின் மோட்டாருக்குக் குளிர்ச்சியும் உயவும் அதைச் சூழ்ந்துள்ள பெட்ரோலே தருகிறது. எப்போதும் ரிசர்வ் விளக்கு எரியும்வரை ஓட்டிவிட்டு இருநூறு முந்நூறு ரூபாய்க்கு நிரப்பிக்கொள்ளும் காரில், பம்பு சூட்டிலேயே உழைக்கிறது. பின் இருக்கையிலிருந்து முன்பு கேளாத ரீங்காரம் ஒன்று தொடர்ந்து கேட்குமானால் அதை அசட்டை செய்யாமல் பரிசோதிப்பது நல்லது. கால் டேங்குக்குக் கீழே போகாமல் நிரப்பிக்கொள்வதில் கூடுதல் செலவு ஏதுமில்லை.

மலையேறும்போது அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, ஏ.சி.யை அணைத்து, மெதுவாக ஓட்டி ஒர்க்ஷாப்பை அடையலாம். விளக்கு கண் சிமிட்டினால் அவ்வாறு ஓட்டலாகாது. பெட்ரோல் போதாமல் சிலிண்டர்களில் தீப்பற்றுவது தவறி, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அதன் பின்னும் ஏறினால் பம்பின் விலையைவிடப் பல மடங்கு விலையுள்ள அந்த உறுப்பு உருகிப் பாழாகும். பத்திரமான இடத்தில் ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுங்கள். ஒர்க்ஷாப்பில் எந்தச் சென்சாரையும் மாற்றச் சம்மதிக்குமுன், ஏற்றத்தில் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள்.