மெஷினைக் காட்டுங்கள்!

2002-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள கிளின்டன் நகரம். வேர்ல்ட்காம் என்ற மாபெரும் தொலைபேசி நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருந்தது. அதன் உள்தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்த ஜீன் மோர்ஸ், கணக்கு மென்பொருளில் தேடிக்கொண்டிருந்தார். பகலில் பெரிய அளவில் தகவல்களை இறக்கினால் கம்ப்யூட்டர்கள் மந்தமாகி, மற்றவர்களுக்குச் சந்தேகம் வரும். அதனால் இரவில் உட்கார்ந்து தேடினார். கம்ப்யூட்டர் செலவு என்ற பெயரில் 50 கோடி டாலருக்கு ஒரு பதிவு அவர் கண்ணில் பட்டது. அதற்குப் பில் இல்லை, ஆர்டர் இல்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பிரிவின் தலைவி சிந்தியா கூப்பர் விடவில்லை. ‘முன்பணம் கட்டிய கொள்ளளவு’ என்ற பொருள்படும் ஒரு தலைப்பு சொத்துக் கணக்கில் வந்து போவதை அவருடைய குழு கவனித்தது. அது என்ன என்று அதிகாரிகளிடம் கேட்டார்கள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். அப்படி ஒரு சொத்து உலகத்தில் எங்கேயும் இல்லை என்பதுதான் உண்மை.

நடந்தது இதுதான். வேர்ல்ட்காம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கொண்டுசேர்க்க, மற்ற தொலைபேசி நிறுவனங்களின் கம்பிகளுக்கு வாடகை கொடுத்தது. மாதாமாதம் கரைந்துபோகிற செலவு அது. வருமானம் குறைந்தபோதும் இந்த வாடகை குறையவில்லை. பங்குச் சந்தை எதிர்பார்த்த லாபத்தைக் காட்ட வழியில்லை. எனவே காலாண்டு முடிந்த பிறகு மேலிடத்து உத்தரவின்பேரில் ஜர்னல் என்ட்ரி போட்டு, வாடகைச் செலவின் ஒரு பகுதியைச் சொத்துக் கணக்குக்கு மாற்றினார்கள். 2001-இல் மட்டும் இப்படி மாற்றியது சுமார் 305 கோடி டாலர். அந்த ஆண்டு அவர்கள் காட்டியது வரிக்கு முந்தைய லாபமாக 239 கோடி டாலர். உண்மையில் ஏற்பட்டதோ 66 கோடி டாலர் நஷ்டம். 2002 ஜூன் 25-ஆம் தேதி நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. ஜூலை 21-ஆம் தேதி திவால் மனு போட்டது. தோண்டத் தோண்ட மோசடித் தொகை 1,100 கோடி டாலருக்குப் போனது.

பொய்க்கும் இரண்டு கால்

கணக்குத் திருட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் வேண்டும். ஒரு செலவை மறைக்க வேண்டுமானால் அதை அழிக்க முடியாது, இன்னொரு கணக்கில் கொண்டுபோய் வைக்கத்தான் முடியும். வேர்ல்ட்காமில் வாடகைச் செலவு சொத்துக்குள் போய் ஒளிந்தது. பொய்யின் முதல் காலை எவ்வளவு நேர்த்தியாக மறைத்தாலும், இரண்டாவது கால் எங்கேயாவது தரையில் ஊன்றியாக வேண்டும். கணக்குப் பார்ப்பவர் தேட வேண்டியது அந்த இரண்டாவது காலை.

பல்லாயிரம் கோடி புரளும் நிறுவனத்தில் மட்டும் நடப்பதல்ல இது. நம் ஊர் நூற்பாலை ஒன்றை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மெஷின் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ₹1.20 கோடி செலவாகிறது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பில்லுக்கு நிர்வாக இயக்குநர் கையெழுத்து வேண்டும். அதற்குக் கீழே என்றால் அக்கவுன்ட்ஸ் மேனேஜரே பாஸ் செய்யலாம்.

அந்த மேனேஜர், இல்லாத ஒரு சப்ளையரை உருவாக்குகிறார். பழுதுபார்க்கும் பட்டறை என்று ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு வங்கிக் கணக்கு. பஞ்சு சப்ளை என்றால் லோடு வர வேண்டும், எடை போட வேண்டும், ஸ்டோரில் இறங்க வேண்டும். பழுதுபார்ப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. பார்த்த வேலை கண்ணுக்குத் தெரியாது. போலி சப்ளையர்கள் பெரும்பாலும் ரிப்பேர், ஆலோசனை, ஆள் சப்ளை என்று சேவையின் பெயரில் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆண்டு முழுக்க 43 பில்கள் வருகின்றன. ஒன்று ₹96,500, இன்னொன்று ₹98,200, அடுத்தது ₹97,400. மொத்தம் ₹42 லட்சம். எந்த பில்லும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. முதல் அடையாளம் இதுவே. உண்மையான ரிப்பேர் வேலை ஒரு நாள் நாலாயிரத்துக்கு முடியும், இன்னொரு நாள் மூன்று லட்சம் கேட்கும். கையெழுத்து வரம்புக்குச் சற்றுக் கீழேயே பில்கள் வரிசைகட்டி நின்றால், அந்த வரம்பை அறிந்த ஒருவர் உள்ளே இருந்து எழுதுகிறார் என்று சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது அடையாளம் பில் எண்ணில் இருக்கிறது. ஏப்ரலில் வந்த முதல் பில் எண் 7. மார்ச்சில் வந்த கடைசி பில் எண் 49. நடுவில் ஓர் எண்கூட விடுபடவில்லை. ஏழிலிருந்து நாற்பத்தொன்பது வரை எண்ணினால் சரியாக 43. அப்படியானால் அந்தப் பட்டறை ஓர் ஆண்டு முழுக்க இந்த ஆலையைத் தவிர வேறு யாருக்கும் ஒரு போல்ட்கூட முடுக்கவில்லை.

மூன்றாவது அடையாளம் வரி. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை. ‘சின்னப் பட்டறை சார், பதிவு பண்ணலை’ என்பது மேனேஜரின் விளக்கம். ஆனால் தமிழ்நாட்டில் சேவை செய்பவருடைய ஆண்டு வரவு ₹20 லட்சத்தைத் தாண்டினாலே பதிவு கட்டாயம். இந்த ஒரே ஆலையிடமிருந்து மட்டும் அவர் வாங்கியது ₹42 லட்சம். பில்லில் எண் இருந்தாலும் அதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த 15 இலக்கங்களில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். அந்தப் பான் எண்ணையும், பணம் போகும் வங்கிக் கணக்கையும் ஊழியர்களின் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

ஏப்ரல் 19-இல் எழுதிய மார்ச் 31

திருடிய பணம் இப்போது பராமரிப்புச் செலவில் உட்கார்ந்திருக்கிறது. ₹1.20 கோடியாக இருந்த செலவு ₹1.62 கோடி ஆகிவிட்டது. ஆண்டு முடிவில் இரண்டு வருடக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முதலாளி, ‘ஏன் இவ்வளவு கூடியது?’ என்று கேட்பார். அந்தக் கேள்வி வராமல் தடுக்கத்தான் வருடக் கடைசி ஜர்னல் பிறக்கிறது. மார்ச் 31 தேதியிட்டு, மெஷினரி கணக்குக்கு ₹42,00,000 டெபிட், பராமரிப்புக் கணக்குக்கு அதே தொகை கிரெடிட். விவரக் குறிப்பில் ‘மறுவகைப்பாடு’ என்று ஒரே சொல். பராமரிப்புச் செலவு மறுபடி ₹1.20 கோடிக்கு இறங்கிவிட்டது. பதினைந்து ஆண்டு ஆயுள் என்று வைத்துத் தேய்மானம் கழித்தால் ஆண்டுக்கு ₹2.80 லட்சம். திருட்டு இனி சிறிது சிறிதாக, யார் கண்ணையும் உறுத்தாமல் கரையும்.

மார்ச் 31 தேதியில் ஜர்னல் இருப்பதே குற்றம் அல்ல. தேய்மானம், கொடுக்க வேண்டிய சம்பளம், வராத மின்கட்டண பில்லுக்கான ஒதுக்கீடு எல்லாம் அன்றுதான் விழும். பழைய மெஷினைப் பெரிய அளவில் புதுப்பித்து அதன் திறன் கூடியிருந்தால், அந்தச் செலவைச் சொத்தில் சேர்ப்பதும் சரியே. நல்ல பதிவுக்கும் கெட்ட பதிவுக்கும் வித்தியாசம் அதன் சுற்றுப்புறத்தில் இருக்கிறது. யார் போட்டார்? வழக்கமாக ஜர்னல் போடும் பையனா, வவுச்சரையே தொடாத மேனேஜரா? எப்போது போட்டார்? தொகை ஏன் இவ்வளவு முழுசாக இருக்கிறது? உண்மையான 43 பில்களைக் கூட்டினால் கடைசியில் சில்லறை வராமல் இருக்குமா? ஏப்ரலில் அதே பதிவு தலைகீழாகத் திரும்பி இருக்கிறதா?

‘எப்போது’ என்ற கேள்விக்கு இப்போது விடை கிடைக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் எடிட் லாக் கட்டாயம். அதை நிறுத்திவைக்க முடியாதபடி மென்பொருள் இருக்க வேண்டும். வவுச்சரில் மார்ச் 31 என்று போட்டாலும், அது ஏப்ரல் 19 இரவு 9.40-க்கு, மேனேஜரின் லாகினில் நுழைந்தது என்று அந்த லாக் சொல்லிவிடும். ஆடிட்டர் முதலில் கேட்டு வாங்க வேண்டிய அறிக்கை அது. ஜர்னல் என்ட்ரிகளைத் தனியே எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று தணிக்கைத் தரநிலை 240 சொல்கிறது.

கணக்கை விட்டு வெளியே வாருங்கள்

இத்தனை அடையாளங்களும் சந்தேகத்தைத்தான் தரும், தீர்ப்பைத் தராது. ஒரு நேர்மையான லேத் பட்டறைக்காரர் உண்மையிலேயே ஒரே ஆலையை நம்பிப் பிழைக்கலாம். அவருடைய பில் எண்களும் வரிசையாகத்தான் இருக்கும். அதனால் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே நடக்க வேண்டும். கேட்டில் வாட்ச்மேன் எழுதும் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். அந்தப் பட்டறை ஆள் பில் தேதிகளில் உள்ளே வந்தாரா? எந்த மெஷின், எத்தனை மணி நேரம் நின்றது என்று ஃபிட்டர் எழுதும் நோட்டைப் பாருங்கள். பிறகு ஆலைக்குள் போய், ‘இந்த நாற்பத்திரண்டு லட்ச ரூபாய் மெஷினைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். கிளின்டனில் சிந்தியா கூப்பரின் குழு கேட்டதும் இதே கேள்விதான்.

பொய்யை எழுதச் சொல்பவர் முதலாளியாகவே இருந்தால், உள்ளே இருக்கும் எந்தப் பதிவேடும் போதாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் அதற்குச் சாட்சி. 2009 ஜனவரி 7-ஆம் தேதி ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், புத்தகத்தில் காட்டிய ₹5,361 கோடி வங்கி இருப்பில் ₹5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அங்கே பொய்யின் இரண்டாவது கால் வங்கி இருப்பில் ஊன்றியிருந்தது. கம்பெனி நீட்டிய காகிதத்தை வாங்கிக்கொள்ளாமல், ஆடிட்டரே நேரடியாக வங்கிக்கு எழுதி, பதிலை நேரடியாகப் பெற்றிருந்தால் அந்தக் கால் அப்போதே இடறியிருக்கும்.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. வேர்ல்ட்காமில் அந்தப் பொய்ப் பதிவுகளைத் தங்கள் கையால் போட்ட இடைநிலை அதிகாரிகள், இது தவறு என்று தெரிந்தே, மேலிடம் சொன்னதால் போட்டார்கள். ஒரு முறைதான் என்று தொடங்கியது ஒவ்வொரு காலாண்டும் தொடர்ந்தது. அவர்களில் ஒருவர் ஐந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பில் இல்லாமல், காரணம் எழுதாமல், மார்ச் 31 தேதியில் ஒரு முழுத் தொகையைப் போடச் சொன்னால், எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். அந்த வவுச்சரில் பதிவாவது உங்கள் லாகின்.