கோர்ஸா, டெபாசிட்டா? கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

கோவையில் லேத் பட்டறை ஒன்றில் மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஓர் இளைஞரிடம் 60,000 ரூபாய் சேமிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிஎன்சி புரோகிராமிங் கற்றுத்தர, நான்கு மாதத்துக்கு ஒரு தனியார் பயிற்சி மையம் அதே தொகையைக் கேட்கிறது. வங்கியில் போடுவதா, படிப்பதா?

ஏழு சதவீத வட்டியில் ஐந்தாண்டு போட்டுவைத்தால் அது 84,000 ரூபாயைத் தாண்டும். கோர்ஸில் வட்டி மட்டுமல்ல, அசலும் போய்விடும். இரண்டையும் கூடுதல் சம்பளம்தான் மீட்டுத் தர வேண்டும். கூடுவதையும் அதே வட்டியில் போட்டுவந்தால்கூட, அதற்கு ஐந்தாண்டும் மாதாமாதம் சுமார் 1,200 ரூபாய் கூட வர வேண்டும். இது வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் படித்தால். வேலையை விட்டுவிட்டுப் படித்தால் நான்கு மாதச் சம்பளம் 72,000 ரூபாயும் செலவில் சேரும். அப்போது மாதம் 2,600 ரூபாயாவது கூட வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

அவ்வளவு கூடுமா என்பதைப் பயிற்சி மையத்தின் கவுன்சிலரிடம் கேட்டுப் பயனில்லை. ஆள் எடுக்கும் இரண்டு மூன்று கம்பெனிகளில் விசாரியுங்கள். போன பேட்ச்சில் படித்தவர்களிடம் இப்போது என்ன சம்பளம் என்று கேளுங்கள். பாதிப் பேருக்குத்தான் கூடியிருக்கிறது என்றால், கூடுபவருக்கு இரட்டிப்பாகக் கூடினால்தான் கணக்கு நேராகும்.

பெரிய ஆபத்து 'வட்டியில்லாத் தவணை'யில் இருக்கிறது. மைய அலுவலகத்திலேயே செல்போனில் ஓடிபி வாங்கிக்கொள்வார்கள். பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன். முழுப் பணமும் மையத்துக்குப் போய்விடும். நீங்கள் பாதியில் நின்றாலும், மையமே பூட்டிக்கொண்டாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும். ஓடிபி சொல்வதற்கு முன் கடனின் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் ஆண்டுக்கு மொத்தச் செலவு எத்தனை சதவீதம் என்று இருக்கும். டிஜிட்டல் கடனிலிருந்து அபராதமின்றி விலக, குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்குள் அசலையும் அதுவரையிலான வட்டியையும் கட்டினால் போதும். பரிசீலனைக் கட்டணம் மட்டும் திரும்பாமல் போகலாம். முடிந்தவரை கடனே வேண்டாம். மாதாமாதம் மையத்திலேயே கட்டுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அதுவே ஒரு தகவல்.

'நூறு சதவீத வேலை உறுதி' என்பதை வாய்ச்சொல்லாக விடாதீர்கள். நிபந்தனைகளையும், பணம் திருப்பித் தரும் விதியையும் எழுத்தில் வாங்குங்கள். விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டால் முதலில் மையத்துக்கு எழுதிக் கேளுங்கள்; பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.