நறநறக்கும் பிரிண்டரும் காணாமல் போன காகித மூலையும்

கல்லூரி விண்ணப்பம் பாதி அச்சாகும்போது தாள் சிக்கிக்கொள்கிறது. அவசரத்தில் வெடுக்கென்று இழுத்தால் தாள் கையோடு வந்துவிடுகிறது. அத்தோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்து மறுபடி ஆன் செய்தால், உள்ளே நறநறவென்று சத்தம் கேட்கிறது. பிறகு எல்லாம் நின்று, திரையில் Carriage Jam என்று வருகிறது. கேனான் ஜி வரிசைப் பிரிண்டர்கள் சிலவற்றில் இதற்கு 5100 என்ற எண் தெரியும்.

கேரேஜ் என்பது அச்சிடும் ஹெட்டைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் ஓடும் பெட்டி. அதை ஒரு சிறிய மோட்டார், பற்கள் உள்ள பெல்ட்டால் இழுக்கிறது. வழியில் காகிதம் குறுக்கே நின்றால் பெட்டி நகராது. மோட்டாரோ இழுத்துக்கொண்டே இருக்கும். அப்போது பெல்ட்டின் பற்கள் மோட்டாரின் சிறு சக்கரத்தில் வழுக்கித் தாவுவதுதான் பெரும்பாலும் அந்தச் சத்தம். அதனால் இந்த நிலையில் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் துண்டு இன்னும் ஆழமாக நசுங்கும், பெல்ட்டின் பற்களும் தேயும்.

பிரிண்டரைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பலர் இதைச் செய்வதில்லை. கிழிந்து வந்த தாளை மேசையில் விரித்து, எந்த இடம் குறைகிறது என்று பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் தாள் வைக்கும் பிரிண்டர்களில் பக்கத்தின் தலைப்பு முதலில் வெளியே வரும். எனவே எதிரே நிற்பவருக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். தாளையும் மேசையில் அதே மாதிரி தலைகீழாக வைத்தால், பிரிண்டருக்குள் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று புரிந்துவிடும்.

நம் விண்ணப்பத்தில் அடிப்பகுதியின் இடது மூலை, தபால்தலை அளவுக்குக் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். தலைகீழாக வைத்தால் அந்த மூலை வலப்பக்கம் வருகிறது. பெரும்பாலான இன்க்ஜெட்களில் கேரேஜ் ஓய்வெடுக்கும் இடமும் வலக்கோடியில்தான் இருக்கிறது. அங்கே ஹெட் காயாமல் இருக்க ஒரு ரப்பர் மூடி இருக்கும். சந்தேகத்தை முதலில் அங்கேதான் திருப்ப வேண்டும்.

இனி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பட்டனை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். கேரேஜ் நடுவழியில் நிற்கும்போதே பிளக்கைப் பிடுங்கினால் அதைக் கையால் நகர்த்த முடியும். பட்டனால் அணைத்தால் அது வலக்கோடிக்குப் போய்ப் பூட்டிக்கொள்ள முயலும். பூட்டிய கேரேஜைத் தள்ளினால் பூட்டு உடையலாம். பூட்டிவிட்டிருந்தால் ஒரே ஒரு முறை ஆன் செய்து, அது ஓரத்தைவிட்டு விலகிய கணமே பிளக்கை எடுத்துவிடலாம்.

இப்போது கேரேஜை ஒரு விரலால், பலம் கொடுக்காமல், ஓரத்திலிருந்து ஓரம் வரை தள்ளிப் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் அது இடப்பக்கமெல்லாம் தாராளமாக ஓடி, வலக்கோடிக்கு இரண்டு விரற்கடை முன்னால் தட்டி நிற்கிறது. கேரேஜை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்தால், ரப்பர் மூடிக்கும் சுவருக்கும் நடுவே வெள்ளை விளிம்பு தெரிகிறது. மழுங்கிய முனையுள்ள ட்வீசரால் அதைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். கத்தி, ஊசி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். ரப்பர் மூடியில் கீறல் விழுந்தால் ஹெட் காய்ந்துபோகும். டேங்க் பிரிண்டராக இருந்தால் மை செல்லும் குழாய்களையும் இழுத்துவிடக் கூடாது.

எடுத்த துண்டைத் தாளின் காலி மூலையில் பொருத்திப் பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும். இடைவெளி மிச்சம் இருந்தால் உள்ளே இன்னொரு துண்டு இருக்கிறது என்று பொருள். தேடல் நீண்டாலும் மணிக்கணக்கில் அப்படியே விட்டுவிடக் கூடாது. மூடியில்லாமல் நிற்கும் ஹெட்டில் மை காய்ந்துவிடும்.

காகிதமே அகப்படவில்லை, கேரேஜும் கையில் வழுக்கி ஓடுகிறது, ஆனாலும் ஆன் செய்தால் பக்கச் சுவரில் மோதுகிறது என்றால் விஷயம் வேறு. கேரேஜின் பின்னால் நீளமாக ஓர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை கட்டியிருக்கும். அதிலுள்ள நுண்கோடுகளைப் படித்துத்தான் கேரேஜ் தான் எங்கே இருக்கிறது என்று அறிகிறது. கிழித்தெடுக்கும்போது பட்ட மையோ கிரீஸோ அந்தக் கோடுகளை மறைத்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, நூல் பிரியாத துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்து, பட்டையை மென்மையாகத் துடைக்கலாம். ஸ்பிரிட் வேண்டாம், கோடுகளே அழியக்கூடும். கொக்கியிலிருந்து பட்டை நழுவியிருந்தால் முதலில் அதை மாட்ட வேண்டும்.

கேரேஜ் அசையாமல் நிற்கும்போதும் சத்தம் வந்தால், தாளை இழுக்கும் ரோலரின் பற்சக்கரங்களைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வேலைக்கு மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. அப்போது கிழிந்த தாளையும் கூடவே கொண்டுபோனால் அவருக்குத் தேடும் நேரம் மிச்சமாகும்.