பேட்டரி மூடிக்குள் இருக்கும் அடையாளம்

பழைய ஏசி ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறீர்கள். அனுபவமுள்ள கடைக்காரர் அதன் முகத்தைப் பார்க்கமாட்டார். திருப்பி, மூடியைத் தள்ளி, பேட்டரிகளைக் கழற்றிவிட்டு உள்ளே பார்ப்பார். முகத்தில் இருக்கும் கம்பெனி பெயரைவிட அந்தக் குழிக்குள் இருக்கும் எழுத்துகள் நம்பகமானவை. பல பிராண்டுகள் ஏசியைத் தாங்களே தயாரிப்பதில்லை. சீனாவின் கிரீ, மிடியா போன்ற பெரிய தயாரிப்பாளர்களிடம் வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்பவை உண்டு. முகத்தில் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ரிமோட் ஒன்றேதான்.

குழிக்குள் தேட வேண்டியது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவை. மிடியா ரிமோட்டில் RG57 என்பது போல, டைகினில் ARC433 என்பது போல இருக்கும். டிவி ரிமோட் என்றால் சாம்சங்கில் BN59, எல்ஜியில் AKB என்று தொடங்கும். பேட்டரி அடிக்கடி கழற்றி மாட்டப்பட்ட இடத்தில் அச்சு தேய்ந்திருக்கும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் அழுந்திய தடம் நிழலாகத் தெரியும்.

அங்கேயே ஏமாற்றும் எழுத்துகளும் உண்டு. மூடியின் உட்புறம் >ABS< என்றிருந்தால் அது பிளாஸ்டிக்கின் வகை. அதைத் தேடி ரிமோட் கிடைக்காது. பக்கத்தில் 1 முதல் 12 வரை எண்களுடன் சின்ன வட்டமும் நடுவே ஓர் அம்பும் இருந்தால், அம்பு காட்டும் எண் அச்சில் வார்த்த மாதம். அம்பின் இருபுறமும் 1, 8 என்று பிரிந்து நின்றால் 2018. மாடல் தெரியாவிட்டாலும், இந்த வட்டம் ஏசியின் வயதை ஏறக்குறைய சொல்லிவிடும்.

இனி ஒரு ரிமோட்டை முழுதாகப் பார்ப்போம். வெள்ளை நிறம், மேலே திரை, கீழே ரப்பர் பட்டன்கள். குழிக்குள் ஸ்டிக்கர் போய்விட்டது. ஆன், கூட்டல், கழித்தல் பட்டன்களின் எழுத்து தினசரி அழுத்தத்தில் அழிந்துவிட்டது. கவலை வேண்டாம், அவை எல்லா ரிமோட்டிலும் இருப்பவை. யாரும் தொடாத பட்டன்களில்தான் எழுத்து அப்படியே இருக்கும், அடையாளமும் அங்கேதான். மூலையில் ‘ஃபாலோ மீ’ என்று ஒன்று இருக்கிறது. ரிமோட் வைத்திருக்கும் இடத்தின் வெப்பத்தை அளந்து ஏசிக்குச் சொல்லும் வசதி அது. மிடியா குடும்பத்தில் இந்தப் பெயர் வழக்கம். ‘எக்ஸ்-ஃபேன்’ என்றிருந்தால் கிரீ பக்கம் தேடலாம். ‘பவர்ஃபுல்’, ‘எகானோ’ இரண்டும் சேர்ந்திருந்தால் டைகினை முதலில் பாருங்கள். இப்படிக் குடும்பம் தெரிந்த பிறகு, எந்த வரிசையில் எத்தனை பட்டன், திரைக்கு நேர் கீழே எது என்று கடையில் இருக்கும் ரிமோட்டோடு ஒப்பிட வேண்டும்.

மூடியின் பூட்டும் சாட்சிதான். சிலது கீழே தள்ளினால் கழலும், சிலது நகத்தால் நெம்பினால் திறக்கும். ஒரு முனையில் எத்தனை கொக்கி, அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கடையின் ரிமோட் மூடி உங்களுடையதில் ‘கிளிக்’ என்று உட்கார்ந்தால், கூடு ஒரே அச்சு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூடு ஒன்றாக இருப்பதால் உள்ளே ஓடும் குறியீடும் ஒன்றாகிவிடாது. ஒரே கூட்டில் பல மாடல்கள் வருகின்றன. RG57-க்குப் பின்னால் தொங்கும் எழுத்துகள் வரை பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

டிவியில் குறியீடு பொருந்தாத தவறு சுலபமாகத் தெரிந்துவிடும். அதன் ரிமோட் ஒரு பட்டனுக்கு ஒரு சைகை அனுப்பும். பொருந்தாத பட்டன் வேலை செய்யாது, அவ்வளவுதான். மைக் படம் போட்ட பட்டன் இருந்தால் மட்டும் கவனம் தேவை. அதற்குப் பெரும்பாலும் புளூடூத் இணைப்பு வேண்டும், சாதாரண மாற்று ரிமோட்டில் குரல் வசதி வராது.

ஏசி ரிமோட் அப்படியல்ல. அது பெரும்பாலும் எந்தப் பட்டனை அழுத்தினாலும் வெப்பநிலை, மோடு, ஃபேன் வேகம் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக அனுப்புகிறது. அந்தப் பொட்டலம் போய்ச் சேர்ந்ததா என்று ரிமோட்டுக்குத் தெரியாது. ஏசி ஏற்காவிட்டாலும் ரிமோட் திரையில் எண் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ‘பீப்’ சத்தத்தோடு ஏசி ஆன் ஆனதும் ரிமோட் சரி என்று முடிவு செய்துவிடாதீர்கள். வீட்டில் போட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்குங்கள். ரிமோட்டில் 24 வைத்து, ஏசியின் முகப்பிலும் 24 வருகிறதா பாருங்கள். பிறகு ஃபேன் வேகத்தை மாற்றி, ஸ்விங் இதழ் அசைகிறதா என்றும் பாருங்கள்.

எதுவும் கிடைக்காமல் யுனிவர்சல் ரிமோட் வாங்கினாலும் இதே சோதனைதான். அதன் தானியங்கித் தேடல் குறியீடுகளை ஒவ்வொன்றாக அனுப்பும். ஏசி ‘பீப்’ என்றதும் நிறுத்துவோம். முதலில் சிக்குவது ஆன், ஆஃப் மட்டும் செய்யும் தூரத்து உறவாக இருக்கலாம். ஸ்விங் அசையவில்லை என்றால், அங்கிருந்து அடுத்த குறியீட்டுக்குத் தேடலைத் தொடருங்கள்.