ஒரே மாடு, ஒரே பால்: எஸ்.என்.எஃப் மட்டும் ஏன் மாறுகிறது?

அடுத்த பட்டுவாடாவுக்குள் பதில் வேண்டும் என்று குடியாத்தம் பக்கத்து வாசகர்கள் எழுதுகிறார்கள். எல்லாக் கடிதங்களிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அரசு லிட்டருக்கு 35 ரூபாய், ஊக்கத்தொகை 3 ரூபாய் என்கிறதே, எங்கள் சீட்டில் ஏன் குறைகிறது?

பசும்பாலுக்கு அறிவிக்கப்பட்ட 35 ரூபாய் எல்லாப் பாலுக்குமான விலை அல்ல. கொழுப்பு 4.3 சதவீதமும் கொழுப்பற்ற திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப், 8.2 சதவீதமும் உள்ள பாலுக்கான விலை அது. அறிவிப்பில் ரூபாய் பெரிய எழுத்திலும் இந்த நிபந்தனை சின்ன எழுத்திலும் வருகிறது.

லாக்டோமீட்டர் வைத்திருக்கும் சங்கத்தில் கொழுப்பைத் தனியாகச் சோதிக்கிறார்கள். எஸ்.என்.எஃப்-ஐ யாரும் அளப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள். லாக்டோமீட்டர் டிகிரியை நான்கால் வகுத்து, கொழுப்பில் கால் பங்கையும் 0.44-ஐயும் கூட்டுவது பரவலான முறை. கடைசி எண் இடத்துக்கு இடம் மாறும்.

இந்தக் கணக்கில் இடறுவது வெப்பநிலை. 27 டிகிரி செல்சியஸுக்கென அளவிட்ட லாக்டோமீட்டர், அதைவிடச் சூடான பாலில் கூடுதலாக அமிழ்ந்து குறைவாகக் காட்டும். கறந்த சூட்டோடு வந்த பால் 32 டிகிரியில் இருக்கிறது, லாக்டோமீட்டர் 26 காட்டுகிறது, கொழுப்பு 4.3 என்று வையுங்கள். அப்படியே கணக்கிட்டால் 6.5, 1.08, 0.44 சேர்ந்து 8.02 வரும். தரத்துக்குக் கீழே! ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.2 வீதம் ஐந்து டிகிரிக்கு 1 கூட்டித் திருத்தினால் லாக்டோமீட்டர் 27, எஸ்.என்.எஃப் 8.27. பாலில் எதுவும் மாறவில்லை, தெர்மாமீட்டரைப் பார்த்தார்களா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

திருத்தியும் தீராத ஒரு விஷயம் உண்டு. கறந்த உடனே பாலில் காற்றுக் குமிழி இருக்கும், கொழுப்பும் இறுகியிருக்காது. சில மணி நேரம் கழித்து அதே பாலின் அடர்த்தி ஏறி, லாக்டோமீட்டர் ஏறக்குறைய ஒரு டிகிரி வரை கூடக் காட்டலாம். இதற்கு ரெக்நாகல் விளைவு என்று பெயர். அந்த ஒரு டிகிரி கணக்கில் கால் சதவீத எஸ்.என்.எஃப். கறந்த கையோடு ஊற்றும் விவசாயிக்கு இது நட்டமாகிறது. அனலைசர் இயந்திரம் வந்துவிட்டது, இனித் தவறு நேராது என்கிறார்கள். குமிழி அதையும் ஏமாற்றும்; அளவுத்திருத்தம் தவறிய இயந்திரம் பிழையைத்தான் அச்சடித்துத் தரும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

தண்ணீர் கலந்தால்? கொழுப்பு, எஸ்.என்.எஃப் இரண்டும் இறங்கும்.

லாக்டோமீட்டர் டிகிரி ஏறினால் நல்ல பாலா? இல்லை, ஆடை எடுத்த பாலிலும் ஏறும்.

மாதிரி எடுக்கும்போது? கேனைக் கலக்கச் சொல்லுங்கள், கொழுப்பு மேலே மிதக்கும்.

ஒன்றியத்தின் சோதனையில் குறைந்தால்? ஒன்றியம் தன் அளவுக்குத்தான் சங்கத்துக்குப் பணம் தரும், வித்தியாசம் சங்கத்தின் தலையில்.

சீட்டில் என்ன பார்ப்பது? கொழுப்பு, எஸ்.என்.எஃப், லிட்டர், விலை. வெப்பநிலையைக் கேட்டு நீங்களே எழுதி வையுங்கள்.