எட்டு நிமிடம் பிப்ரவரியில், மீதி ஏப்ரலில்

2014 பிப்ரவரி 2 அன்று ரோம் நகரின் ஒலிம்பிக் மைதானத்தில் ரோமா, பார்மா அணிகளின் இத்தாலிய லீக் கால்பந்தாட்டம் தொடங்கியபோதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உதைத்த பந்து உருளாமல் தேங்கிய நீரில் நின்றுபோனது. எட்டாவது நிமிடத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மீதி 82 நிமிடங்கள் ஆடப்பட்டது ஏப்ரல் 2 அன்று.

இரண்டு மாதம் ஏன்? ரோமா அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டிகளில் இல்லை. வார நடுவில் அவர்களுக்கு ஓய்வு இருந்தது. ஆனால் ஒத்திவைத்த ஆட்டத்துக்கு இரண்டு அணிகளோடு மைதானமும் சேர்ந்து ஒழிய வேண்டும். அந்த மைதானமோ ரோமாவுக்கு மட்டும் சொந்த இடமல்ல. அதே ஊரின் லாசியோவும் அங்கேதான் ஆடுகிறது. இத்தாலியின் ரக்பி அணியும் வந்துபோகிறது.

அந்த பிப்ரவரியைப் பாருங்கள். 5 அன்று ரோமாவின் கோப்பை அரையிறுதி, 9 அன்று ரோமா, லாசியோ மோதல், 20 அன்று லாசியோவின் ஐரோப்பிய ஆட்டம், இரண்டே நாளில் இத்தாலி, ஸ்காட்லாந்து ரக்பி. மார்ச் 15 அன்று இன்னொரு ரக்பி ஆட்டம் முடிய, 17 அன்று ரோமா அதே புல்தரையில் ஆடியது. ஈரமான தரையில் ரக்பி வீரர்கள் கும்பலாகத் தள்ளிக்கொண்டால் புல் வேரோடு பெயரும். ஆகவே நாட்காட்டியில் காலியாகத் தெரியும் நாளெல்லாம் தரைக்கும் ஒழிந்த நாளாகிவிடாது.

தள்ளிக்கொண்டே போகவும் வழியில்லை. லீக் மே 18 அன்று முடிந்தாக வேண்டும்; ஜூன் 12 அன்று பிரேசிலில் உலகக்கோப்பை.

கடைசியில் ரோமா 4-2 என வென்றது. முதலிடத்தில் இருந்த யுவென்டஸ் அணியுடனான இடைவெளி 11 புள்ளியிலிருந்து எட்டாகக் குறைந்தது. அதுவரை இரண்டு மாதம், ஓர் ஆட்டம் குறைவாக ஆடிய அணியைக் கொண்ட பட்டியலைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேதி மாறும்போது ஆடும் வீரர்களும் மாறிவிடுகிறார்கள். என் பார்வையில் இதுதான் பெரிய அநியாயம். 2024 அக்டோபரில் பொலோனியா நகரில் வெள்ளம் புகுந்ததால், 26 அன்று நடக்கவிருந்த பொலோனியா, மிலான் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த பிப்ரவரி 27 அன்றுதான் நாள் கிடைத்தது. மிலானின் ரெய்ண்டர்ஸ், தியோ ஹெர்னாண்டஸ் இருவரும் சிவப்பு அட்டை தடையில் இருந்தார்கள். தடை தேதியோடு போவதில்லை, அடுத்து நடக்கும் ஆட்டத்தில் கழிய வேண்டும். ஆகவே பொலோனியாவுக்கு எதிராக உட்காரவேண்டிய இருவரும், 29 அன்று நாப்போலிக்கு எதிராக உட்கார்ந்தார்கள். மிலான் தன் சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்றது. அந்தப் பருவத்தின் பட்டத்தை நாப்போலி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றது.